ஸ்ரீபெரும்புதூரில் ஓடியது நாங்குநேரியில் ஏன் ஓடவில்லை? சிறப்புப் பொருளாதார மண்டலமும் அது அமையும் இடமும்

கேள்வி: எங்க மாவட்டத்துல சிறப்புப் பொருளாதார மண்டலம் கொண்டு வரப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. வரிச்சலுகை கொடுத்தா கம்பெனிகள் தானா வந்துடுமா? ஸ்ரீபெரும்புதூர்ல வந்துச்சு, நாங்குநேரியில நிலம் சும்மாவே கிடக்குதே, ஏன்? இதனால ஒரு ஊருக்கு நன்மை என்ன, கெடுதல் என்ன?

பதில்:

தானாக வராது. சட்டம் எல்லா மண்டலங்களுக்கும் ஒரே சலுகையைத்தான் தருகிறது. சலுகை மட்டும் போதும் என்றால் நாங்குநேரியும் இந்நேரம் ஸ்ரீபெரும்புதூர் ஆகியிருக்க வேண்டும். சலுகை சமமாக இருக்கும்போது, எந்த ஊர் என்பதை இடம்தான் முடிவு செய்கிறது. எந்தப் பொருளுக்கு எந்த இடம் ஒத்துவரும் என்று புரிந்துகொள்ள, இந்த மண்டலம் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

சுங்கக் கணக்கில் இந்த மண்டலம் வெளிநாடு மாதிரி. வேலிக்கு உள்ளே வரும் இறக்குமதிப் பொருளுக்குச் சுங்க வரி இல்லை. உள்நாட்டுக் கம்பெனி உள்ளே சரக்கு விற்றால் அது ஏற்றுமதிக்குச் சமம், ஜிஎஸ்டி பூஜ்யம். உள்ளே செய்த பொருள் கப்பலேறினாலும் வரி இல்லை. ஆனால் அதே பொருளை வேலிக்கு வெளியே, நம் நாட்டுச் சந்தையில் விற்றால், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தது போல முழுச் சுங்க வரி கட்ட வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். இதற்கு மேல், அலகுகள் எனப்படும் மண்டலத்துக்குள் இயங்கும் கம்பெனிகள் ஐந்தாண்டுக் கணக்கில் நிகர அந்நியச் செலாவணி ஈட்டியிருக்க வேண்டும். அதாவது செலவழித்த டாலரைவிடச் சம்பாதித்த டாலர் அதிகமாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு பொருள். அதில் அறுபது ரூபாய்க்கு இறக்குமதி பாகங்கள். பாகத்துக்குச் சுங்கம் 10 சதவீதம், முடிந்த பொருளுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வேலிக்கு வெளியே தொழிற்சாலை வைத்தவர் பாகத்துக்கு ஆறு ரூபாய் கட்டிவிட்டு நாடு முழுக்க விற்கலாம். வேலிக்கு உள்ளே இருப்பவர் பாகத்துக்கு ஒன்றும் கட்டுவதில்லை. ஆனால் உள்நாட்டில் விற்கும் ஒவ்வொன்றுக்கும் இருபது ரூபாய் கட்ட வேண்டும். முழுக்க ஏற்றுமதி செய்பவருக்கு வேலி லாபம். உள்நாட்டுச் சந்தையை நம்பி வருபவருக்கு அது நஷ்டம். போதாததற்கு, தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து அதே பொருள் வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ வந்து இறங்கும். அப்போது பக்கத்து மாவட்ட மண்டலத்தில் செய்த பொருள் தாய்லாந்திலிருந்து வந்த பொருளைவிட விலை கூடிப்போகிற விசித்திரமும் நடக்கும்.

ஆக, ஒரு மண்டலத்தில் எந்தத் தொழில் நிலைக்கும் என்று கேட்டால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மூலப்பொருளில் எவ்வளவு இறக்குமதி, விற்பனையில் எவ்வளவு ஏற்றுமதி, பொருளின் எடைக்கு என்ன விலை. முதல் இரண்டும் அந்தத் தொழிலுக்கு வேலியால் லாபமா நஷ்டமா என்று சொல்லும். மூன்றாவது, அது எங்கே உட்காரும் என்று சொல்லும். கைப்பேசி மாதிரி, கையளவில் ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள் விமானத்தில் போகும். அதற்கு விமான நிலையம் பக்கத்தில் வேண்டும். செருப்பு, துணி போன்றவை கன்டெய்னரில் கடல் வழியே போகும். துறைமுகம் நூறு கிலோமீட்டரில் இருந்தாலும் சமாளிக்கலாம்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது, 2006 தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. சிப்காட் தொழிற்பூங்காவில் சுமார் 210 ஏக்கர். இந்த வேகத்துக்குச் சலுகைதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் மண்டலச் சட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பகுதி தொழிற்பகுதியாகிவிட்டது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998லேயே கார் செய்யத் தொடங்கிவிட்டது, அதுவும் இப்படி ஒரு மண்டலச் சட்டம் இல்லாமலே. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வாசலில் ஓடுகிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் சுமார் முப்பது கிலோமீட்டர். சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் லாரிக்கு எட்டும் தூரம். சுற்றிலும் பாலிடெக்னிக், ஐடிஐ, பொறியியல் கல்லூரிகள். ஏற்கெனவே கனிந்து நின்ற இடத்தில் மண்டலம் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தை மண்டலம் உருவாக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அன்றைக்குக் கைப்பேசிக்கு அடிப்படைச் சுங்க வரியே கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தைப் பின்பற்றி இந்தியா அதைப் பூஜ்யமாக வைத்திருந்தது. மேலே போட்ட கணக்கில் இருபதுக்குப் பதில் சைபரைப் போட்டுப் பாருங்கள்: வேலிக்கு உள்ளிருந்து உள்நாட்டில் விற்பதற்கான தண்டனை காணாமல் போகிறது. அதோடு, இப்படிப் பூஜ்ய வரி உள்ள பொருளை உள்நாட்டில் விற்றாலும் அதை அந்நியச் செலாவணிக் கணக்கில் வரவாக வைத்துக்கொள்ள மண்டல விதிகளே இடம் கொடுத்தன. ஏற்றுமதிக்கு என்று போட்ட வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு, உலகின் மிக வேகமாக வளர்ந்த கைப்பேசிச் சந்தைக்கும் விற்கலாம். கார் கம்பெனிக்கு இந்த வசதி கிடையாது. ஒரு மண்டலம் வெற்றி பெற்றதைப் பார்த்து இன்னொரு மண்டலத்துக்குக் கணக்குப் போடும்போது, இந்த மாதிரித் தனிப்பட்ட காரணங்களைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே துணை நிறுவனங்களும் வந்தன. உறை செய்ய ஒன்று, சார்ஜர் செய்ய ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று. தொழிற்சாலைக்குத் தேவையான பாகம் சில மணி நேரத்தில் வாசலுக்கு வர வேண்டும் என்பதால் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் போன்றவை பக்கத்திலேயே இடம் பிடித்தன. உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். மண்டலத்தால் ஒரு வட்டாரத்துக்குக் கிடைக்கிற உண்மையான புவியியல் லாபம் இதுதான்: ஒரு பெரிய கம்பெனியைச் சுற்றி ஒரு தொழில் தொகுப்பு உருவாவது. லாரிக்காரர், பராமரிப்பு மெக்கானிக், அளவுக் கருவி சரிபார்ப்பவர், பேக்கிங் அட்டை செய்பவர் எல்லாம் ஒரே வட்டாரத்தில் சேர்ந்துவிட்டால், அடுத்து வருகிற கம்பெனிக்குச் செலவு குறைகிறது.

ஆனால் அந்தத் துணை நிறுவனங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து நோக்கியாவோடு வந்தவை என்பதைக் கவனியுங்கள். சிப் முழுக்க இறக்குமதி. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓர வேலைதான். இதற்கு வேலியும் ஒரு காரணம். வெளியே உள்ள சிறு பட்டறை மண்டலத்துக்குள் சரக்கு அனுப்பினால் அது ஏற்றுமதி மாதிரி. உறுதிப்பத்திரம் கொடுத்து வரி போடாத பில் எழுத வேண்டும், அல்லது வரி கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும். சரக்கு உள்ளே போய்ச் சேர்ந்தது என்று மண்டல அதிகாரி ஒப்புதல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கணக்கு முடியும். அந்தக் கையெழுத்து தாமதமானால் பட்டறைக்காரரின் நடைமுறை மூலதனம் அங்கேயே முடங்கும். இரண்டு மாதம் பணம் நின்றால் தாங்குகிற பெரிய நிறுவனம் உள்ளே விற்கும். தாங்காத சிறு பட்டறை அடுத்த முறை அந்த ஆர்டரையே எடுக்காது. கம்பெனியை இழுத்து வருகிற வேலியே, அந்தக் கம்பெனி உள்ளூரோடு ஒட்டாமல் இருக்கவும் வழி செய்துவிடுகிறது. உங்கள் மாவட்டத்தில் மண்டலம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய குறை இது. உள்ளே எத்தனை கோடி ஏற்றுமதி என்பதைவிட, உள்ளூரில் எவ்வளவு கொள்முதல் என்ற எண் உண்மையைச் சொல்லும்.

முடிவும் தெரிந்ததுதான். பட்டன் போனிலிருந்து ஸ்மார்ட்போனுக்குச் சந்தை மாறியபோது நோக்கியா சறுக்கியது. 2013இல் மென்பொருள் உரிமத் தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறையோடு பெரிய வழக்கு. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்று தமிழக அரசின் வணிக வரித் துறை கிட்டத்தட்ட 2,400 கோடி ரூபாய் கேட்டது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அதை மாற்றித் தர 3,500 கோடி ரூபாய் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடியது. துணை நிறுவனங்களும் அடுத்தடுத்து சுருண்டன. ஒற்றைக் கம்பெனியை நம்பிய தொகுப்பில் அந்தக் கம்பெனி விழுந்தால் தனியாக விழுவதில்லை. ஒரே நாளில் சில ஆயிரம் பேர் வேலை தேடி வந்தார்கள். எல்லோருக்கும் கையில் இருந்தது ஒரே மாதிரித் திறமை, கேட்க ஆளில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சில வருஷம் பூட்டிக் கிடந்த அந்த ஆலையை, ஒரு காலத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்த அதே சால்காம்ப் வாங்கி, 2020இல் மீண்டும் ஓட்டத் தொடங்கியது. சுற்று வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. ஒரு கம்பெனி செத்தபோது அந்த இடம் சாகவில்லை. சாலை, விமான நிலையம், பழகிய தொழிலாளர், சப்ளையர் என்ற நான்கும் அங்கேயே இருந்தன. மண்டலச் சலுகைக்குக் காலாவதி உண்டு, இடத்தின் வசதிக்குக் கிடையாது.

நாங்குநேரியைப் பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் சுமார் 2,500 ஏக்கர். ரயில் பாதை உண்டு. தூத்துக்குடித் துறைமுகம் நூறு கிலோமீட்டருக்குள். தமிழக அரசின் டிட்கோவும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாகப் பல்பொருள் மண்டலமாக அறிவித்தன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நிலத்தின் பெரும்பகுதி உடைமரக் காடாகவே இருந்தது.

அந்த 2,500 என்ற எண்ணை ஒரு நிமிடம் கவனியுங்கள். அன்றைய 2006 விதிகளின்படி பல்பொருள் மண்டலத்துக்குக் குறைந்தது 1,000 ஹெக்டேர் வேண்டியிருந்தது. அது 2,471 ஏக்கர். நிலம் துண்டு துண்டாக இருக்கக் கூடாது, ஒரே பரப்பாக இருக்க வேண்டும், நடுவில் பொதுப் பாதை போகக் கூடாது. இப்படி ஒரு பரப்பு சென்னைக்குப் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் என்ன விலை? அதனால் பெரிய மண்டலம் போட நினைப்பவர் தூரத்து மானாவாரி நிலத்துக்குத்தான் போயாக வேண்டியிருந்தது. நிலத்துக்கு விலை குறைவு, ஆனால் அங்கே சப்ளையர் இல்லை, பழகிய ஆள் இல்லை, சரக்கு விமானம் இல்லை. பரப்பளவு விதியே மண்டலத்தைத் தொழில் இல்லாத இடத்துக்குத் தள்ளியது. தொழில் இல்லாத இடத்துக்கு முதல் ஆளாக வரக் கம்பெனி தயங்கியது. முதல் ஆள் வராததால் இரண்டாவது ஆளும் வரவில்லை.

துறைமுகம் பக்கத்தில் என்பதும் பாதி உண்மைதான். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் ஐரோப்பா, அமெரிக்கா கன்டெய்னர்களில் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். ஒருமுறை கூடுதலாக இறக்கி ஏற்றுவதால் செலவும் நாளும் கூடும். வரைபடத்தில் துறைமுகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பது போதாது. அந்தத் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விழிஞ்ஞம் 2025இல் முறைப்படி திறந்துவிட்டது. பெரிய கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் தென் மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே வந்திருப்பதால், இந்தக் கணக்கு இனி மாறலாம்.

இதற்கு நடுவில் சலுகையும் சுருங்கியது. முதலில் சொன்னது, ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு வருமான வரி முழு விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி, அதற்கடுத்த ஐந்தாண்டு மறுமுதலீடு செய்த பங்குக்குப் பாதி. 2011 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரியை மண்டலங்களுக்கும் விரித்தார்கள். "வரி விலக்கு" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டு 18.5 சதவீதம் கேட்டால், நிலத்தில் பணம் போட்டுக் காத்திருக்கும் மேம்பாட்டாளருக்கு எப்படி இருக்கும்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மண்டலம் தாங்கியது. இன்னும் தொடங்காதவை தொடங்காமலே நின்றன. புதிதாகத் தொடங்கும் அலகுக்கு அந்த வருமான வரி விலக்கு 2020உடன் முடிந்துவிட்டது. அப்போதே அனுமதி வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும் சற்று அவகாசம் கொடுத்தார்கள்.

2019இல் இன்னும் இரண்டு மாற்றங்கள் வந்தன. நாடு முழுக்கக் கம்பெனி வரியை 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார்கள்; பின்னதற்குக் கடைசி நாள் வைத்தார்கள், அது 2024 மார்ச்சில் முடிந்தது. இன்னொன்று, சுங்கச் சட்டத்தின் 65ஆவது பிரிவின்படி, சுங்கக் கிடங்கு உரிமம் வாங்கிய சொந்தத் தொழிற்சாலையிலேயே பொருள் செய்யும் திட்டம் எளிதாக்கப்பட்டது. இதில் ஆலை எந்த ஊரிலும் இருக்கலாம். இறக்குமதிப் பாகத்துக்கு வரி இப்போது கட்ட வேண்டாம்; ஏற்றுமதி செய்தால் கட்டவே வேண்டாம்; உள்நாட்டில் விற்றால் பாகத்துக்கான வரியை மட்டும் கட்டினால் போதும். நம் கணக்கில் இருபதுக்குப் பதில் ஆறு. ஏற்றுமதிக் கட்டாயமும் இல்லை. மண்டலத்தில் கிடைக்கும் சுங்க வசதியில் பெரும்பங்கு வேலி இல்லாமலே கிடைக்கிறது என்றால், கம்பெனி தனக்கு வசதியான ஊரைத் தேர்ந்தெடுக்கும், மண்டலத்தைத் தேடிப் போகாது. 2025இல் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை தூத்துக்குடியில் திறந்தபோது அது சிப்காட் பூங்காவுக்குத்தான் வந்தது. உள்நாட்டிலும் விற்க நினைக்கும் கார் கம்பெனிக்கு மண்டல வேலி உதவாது. தென் மாவட்டத்துக்குத் தொழில் வராது என்பதில்லை. மண்டலம் என்ற கருவி அங்கே வரக்கூடிய தொழிலுக்குப் பொருந்தவில்லை.

அப்படியானால் பெருநகரத்துக்கு வெளியே மண்டலம் எங்குமே ஓடவில்லையா? செய்யாறு ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம், சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அங்கே தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் நிறுவனம் நைக்கிக்காகக் காலணி செய்கிறது. முன்னே சொன்ன மூன்று விஷயங்களை வைத்துப் பாருங்கள். மூலப்பொருளில் பெரும்பங்கு இறக்குமதி, பொருள் ஏற்றுமதிக்கு, போவது கடல் கன்டெய்னரில். விமான நிலையம் தேவையில்லை. தேவை நிறையக் கைகள்: வெட்ட, தைக்க, ஒட்ட. ஆறேழு வாரப் பயிற்சியில் பழகக்கூடிய வேலை. மழை பொய்த்தால் வேலை இல்லாத அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். விடிகாலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்ப விடும். தொழிலாளி வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போவதால் விடுதி வாடகை இல்லை, ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. பின்தங்கிய மாவட்டத்துக்கு மண்டலம் செய்யக்கூடிய நன்மை என்று நான் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. சுற்று வட்டாரத்தில் அந்த அளவுக்குச் சம்பளம் தரும் வேறு முதலாளி இல்லையென்றால், கூலியை அந்த ஒருவரே முடிவு செய்வார். காலணித் தொழிலுக்கு இயந்திர முதலீடு ஒப்பீட்டில் குறைவு. வேறு நாட்டில் கூலி மலிந்தால் தையல் வரிசையைக் கழற்றிக்கொண்டு போவது எளிது.

மண்ணுக்கும் நீருக்கும் வருகிற பாதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எந்தச் சலுகைக் கணக்கிலும் வராது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் சங்கிலி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கு வந்து சேர்கிறது. அந்தப் பரப்பில் தொழிற்பூங்கா, கூரை, தார், சிமென்ட் கூடக் கூட, மண்ணில் இறங்க வேண்டிய மழை வேகமாக ஓடி வருகிறது. மண்டலத்துக்கு ஒரே பரப்பாக நிலம் வேண்டும் என்ற விதி இங்கே இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும்: அந்தப் பரப்புக்குள் ஒரு வாய்க்காலோ தாங்கலோ இருந்தால், அது "இடையூறு" ஆகிவிடும். வேலி போட்ட பிறகு மேய்ச்சல் பாதையும் மறையும். நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கும். புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கும், அந்த வயலில் கூலிக்குப் போனவருக்கும் கணக்கில் இடம் இல்லை.

குடியிருப்பும் இப்படித்தான். மண்டலத்தில் உற்பத்திப் பகுதி போக மீதியை வீடு, பள்ளி, மருத்துவமனைக்கு ஒதுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சிறிய மண்டலங்களில் அதற்கு இடமும் இல்லை, ஆர்வமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வேலை செய்யும் வெளியூர்ப் பெண்கள் வாடகை விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, சாலை மறியல் வரை போன பிறகு அரசு விழித்தது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. நோக்கியா உற்பத்தி தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

நில விஷயத்தில் நாடு தழுவிய ஒரு தணிக்கையும் உண்டு. மத்திய கணக்குத் தணிக்கையர் 2014இல் கொடுத்த அறிக்கைப்படி, மண்டலங்களுக்காக அறிவிக்கை செய்த சுமார் 45,600 ஹெக்டேரில் வேலை தொடங்கியது சுமார் 28,500 ஹெக்டேரில் மட்டும். மண்டலங்களில் பாதிக்கு மேல் தகவல் தொழில்நுட்பம் சார்ந்தவை. அவை இருப்பது ஓஎம்ஆர், பெங்களூரு, ஐதராபாத் போன்ற ஏற்கெனவே வளர்ந்த நகரங்களில். பின்தங்கிய பகுதிக்குத் தொழிலைக் கொண்டுபோகும் கருவி என்று சொன்னது, நடைமுறையில் வளர்ந்த நகரத்தையே மேலும் வளர்த்தது. வருமான வரி விலக்கு முடிந்ததும் அந்த ஐடி கட்டடங்களில் தளங்கள் காலியாகின. கடைசியில் 2023 டிசம்பரில் விதியைத் திருத்தி, ஒரு கட்டடத்தில் சில தளங்களை மட்டும் மண்டல வேலிக்கு வெளியே எடுத்து, சாதாரணக் கம்பெனிக்கு வாடகைக்கு விட அனுமதித்தார்கள்.

உங்கள் மாவட்டத்தில் பேச்சு அடிபடுகிறது என்றால், பேச்சை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள். மேம்பாட்டாளருக்கு மத்திய அனுமதி வாரியம் தருவது இரண்டு வகை: நிலம் கையில் இல்லாவிட்டால் கொள்கை அளவிலான ஒப்புதல், நிலம் கையில் இருந்தால் முறையான ஒப்புதல். இரண்டுமே மண்டலம் ஆகாது. மத்திய அரசிதழில் சர்வே எண்களோடு அறிவிக்கை வந்தால்தான் சட்டப்படி மண்டலம். அந்தச் சர்வே எண்களை எடுத்து, வருவாய்த் துறை இணையதளத்தில் புல வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு எது உள்ளே போகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, அலகுகளுக்கு எத்தனை அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவற்றில் எத்தனை உற்பத்தி தொடங்கின என்று தாம்பரம் மெப்ஸில் உள்ள மண்டல மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், அங்கே வேலிதான் வந்திருக்கிறது, தொழில் வரவில்லை.

நிலம் சும்மா கிடந்தால் அறிவிக்கையை ரத்து செய்யவும் வழி உண்டு. மேம்பாட்டாளர் விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை எடுத்த வரிச்சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ரத்தான நிலம் தானாகப் பழைய உரிமையாளருக்குத் திரும்புவதில்லை. குத்தகை நிலமா, விற்ற நிலமா என்பதைப் பொறுத்து அது மேம்பாட்டாளரிடமே இருந்து, நாளைக்கு மனைப் பிரிவாகவும் மாறக்கூடும். அதனால் கிராம சபையில் கேள்வி கேட்பதென்றால் தொடக்கத்திலேயே இதைக் கேளுங்கள்: நிலம் 99 ஆண்டுக் குத்தகையா, கிரயமா? இத்தனை ஆண்டில் வேலை தொடங்காவிட்டால் அரசு திரும்ப எடுக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? எத்தனை ஆண்டு?